பால்காய்ப்புக்குப் போகாதவன் எழுதிய மெசேஜ்

“எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில், வளர்ந்தது புனேயில். ஊரில் இருக்கிற நெருங்கிய நண்பனின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போக முடியவில்லை. அவனுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை: ‘அன்புள்ள நண்பா, நீ நலமாக இருப்பாய் என்று நான் நம்புகிறேன். உன்னுடைய புதிய வீட்டின் பால்காய்ப்பு நிகழ்வில் என்னால் கலந்துகொள்ள முடியாமல் போனதற்கு நான் மிகவும் வருந்துகிறேன். எனக்கு அலுவலகத்தில் விடுமுறை மறுக்கப்பட்டது. உன்னுடைய வீட்டின் புகைப்படங்களை நான் பார்த்தேன், அவை மிகவும் அழகாக இருந்தன. நீ என் மீது கோபமாக இல்லை என்று நான் நம்புகிறேன். அடுத்த மாதம் நான் ஊருக்கு வரும்போது நாம் நிச்சயமாகச் சந்திப்போம். உன்னுடைய புரிதலுக்கு நன்றி.’ இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் எழுதினது என்று படித்தாலே தெரிகிறது. நடுவில் மக்கா, லே எல்லாம் சேர்த்துப் பார்த்தேன், இன்னும் கேவலமாகிவிட்டது. நாங்கள் பேசுகிற மாதிரி இதை எப்படி மாற்றுவது?”

மக்கா, லே சேர்த்த பிறகு இன்னும் கேவலமானது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அதிலிருந்தே தொடங்கலாம். ஊர்ச் சொல் போதாமல் இந்த மெசேஜ் விறைப்பாக இல்லை. ஏழு வாக்கியங்களும் ஆபீஸ் கடிதத்தின் வரிசையில் நிற்கின்றன: விளி, நலம் விசாரிப்பு, வருத்தம், காரணம், பாராட்டு, உறுதிமொழி, நன்றி. அந்த வரிசை அப்படியே இருக்கும்போது மேலே மக்கா என்று போட்டால், தாசில்தார் லுங்கி கட்டிக்கொண்டு வந்து நின்ற மாதிரிதான் இருக்கும். நான் தக்கலைப் பக்கம். மொழியியல் படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக மொழிபெயர்ப்பும் வசனமும் எழுதிப் பிழைக்கிறவன். வசனத்துக்கு என்ன செய்வேனோ அதையே உங்கள் மெசேஜுக்கும் செய்து காட்டுகிறேன். முதலில் ஒவ்வொரு வாக்கியமும் உங்கள் இருவருக்கும் நடுவே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பேன். அப்புறம் வினைச்சொல்லைப் பார்ப்பேன். ஊர்ச் சொல் கடைசியில்தான்.

வேலை இல்லாத வாக்கியங்கள் இரண்டு, முதலும் கடைசியும். ‘அன்புள்ள’ தபாலோடு போய்விட்டது. ‘நண்பா’ என்பதை இன்றைக்கு முகம் தெரியாதவர்களைத்தான் கூப்பிடுகிறோம். வீடியோவில் பேசுகிறவர் நமக்குச் சொல்வார், ஆட்டோக்காரர் சொல்வார். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொல்ல மாட்டான். கடைசியில் இருக்கிற நன்றி அதைவிட ஆபத்து. தமிழில் நெருக்கமானவர்களுக்கு நன்றி சொன்னால் கணக்கை முடித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். சோறு போட்டதற்கு அம்மாவுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அதுவும் ‘புரிதலுக்கு நன்றி’ என்பது, ரயில் தாமதத்துக்கு ஒலிபெருக்கியில் வருத்தம் சொல்கிறார்களே, அந்த வகை. அவன் இன்னும் புரிந்துகொள்ளவே இல்லை, அதற்குள் நன்றி சொல்லி வாயை அடைக்கிறீர்கள். இரண்டையும் தூக்கிவிடலாம். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கத் தேவையில்லை.

‘நம்புகிறேன்’ இரண்டு தடவை வருகிறது. இங்கிலீஷில் ‘ஹோப்’ என்பதற்கு நாம் பழக்கத்தில் ‘நம்பு’ என்று போட்டுவிடுகிறோம். தமிழ்ப் பேச்சில் நம்புவது ஆளை, அல்லது ஒருவர் சொன்ன சேதியை. ‘உன்ன நம்பித்தான் வந்தேன்’, ‘அவன் சொன்னத நம்பிட்டேன்’ என்போம். இன்னொருவன் எப்படி இருக்கிறான் என்று தெரியாதபோது அவனிடமே கேட்டுவிடுவோம். கோபமா இல்லையா என்று தெரிய வேண்டும் என்றால் ‘கோவமா?’ என்ற ஒரு சொல் போதும். இன்னும் கொஞ்சம் உரிமை இருந்தால் ‘மூஞ்சத் தூக்கி வச்சிருக்கியா?’ என்று கேட்கலாம். கவனித்தீர்களா, இந்தக் கேள்வியில் ஒரு சீண்டல் இருக்கிறது. கோபப்படுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு என்று ஒத்துக்கொள்வதும் அதே கேள்விதான். ‘கோபமாக இல்லை என்று நம்புகிறேன்’ அந்த உரிமையை மெதுவாகப் பிடுங்குகிறது. உங்கள் ஐந்தாவது வாக்கியத்தைக் கேள்வியாக்கி முதலில் கொண்டுவந்து வைத்தால் மெசேஜ் அங்கேயே உயிர் பிடிக்கும். நெருங்கிய நண்பர்கள் விஷயத்தின் நடுவில்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

அடுத்தது இரண்டாவது வாக்கியம். மெசேஜ் மொத்தமும் இதற்காகத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ‘கலந்துகொள்ள முடியாமல் போனதற்கு நான் மிகவும் வருந்துகிறேன்’ என்பதில் நடந்ததும் மனசும் ஒரே வாக்கியத்துக்குள் மடிந்து கிடக்கின்றன. நடந்தது ‘போனதற்கு’ என்று பெயர்ச்சொல்லாகி உள்ளே ஒளிந்துகொண்டது. வாயில் பேசும்போது நாம் இப்படி மடிப்பதில்லை. நடந்ததை ஒரு வாக்கியமாக முடித்துவிட்டு, மனசை அடுத்த வாக்கியத்தில் சொல்வோம். மடிப்பைப் பிரித்தால் உங்களிடமே நல்ல வாக்கியம் இருக்கிறது: ‘வர முடியாம போச்சு.’ ‘கலந்துகொள்ள’ தானாக ‘வர’ ஆகிவிடும், ஏனென்றால் அது அவன் வீடு, நீங்கள் அங்கே வந்திருக்க வேண்டியவர். ‘நிகழ்வு’ம் வேண்டாம், பால்காய்ப்பு என்றாலே அது நிகழ்வுதான்.

ஆனால் ‘வர முடியாம போச்சு’தான் சரியா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் யார் தப்பு என்பதை வினையின் வால் சொல்லிவிடும். ‘வரல’ என்றால் வரவில்லை, அவ்வளவுதான். இஷ்டமில்லாமல் வரவில்லை என்றும் அவன் எடுத்துக்கொள்ளலாம். ‘வர முடியல’ என்றால் ஏதோ தடுத்தது, அதில் வருத்தம் இருக்கிறதா என்று தெரியாது. ‘வர முடியாம போச்சு’ என்றால் வரத்தான் இருந்தேன், காரியம் என் கையை விட்டுப் போய்விட்டது. அந்தப் ‘போச்சு’க்குள்ளேயே ஒரு இழப்பு இருக்கிறது. ‘பால் திரிஞ்சு போச்சு’, ‘பஸ் போச்சு’ என்று சொல்கிற அதே போச்சு. ‘வராம இருந்துட்டேன்’ என்றால் தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்வது. நான்கையும் இங்கிலீஷில் மாற்றச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள். அதனால்தான் இங்கிலீஷில் யோசித்துவிட்டுத் தமிழுக்கு வருகிறவர்களுக்கு இந்த இடம் கண்ணில் படுவதே இல்லை. ‘மிகவும்’ என்று ஒரு சொல்லைப் போட்டு வருத்தத்தைக் கூட்டப் பார்க்கிறார்கள். வருத்தம் வினையின் வாலிலேயே இருக்கும்போது ‘மிகவும்’ ஒரு சுமை.

மனசைச் சொல்கிற வாக்கியத்துக்கு நம் குமரி மாவட்டத்தில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: சங்கடம். தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் சங்கடம் என்றால் பெரும்பாலும் தர்மசங்கடம், கூச்சம், தொந்தரவு என்று போகும். இங்கே அது மலையாளத்தில் இருக்கிற மாதிரி நேராகத் துக்கத்தையே குறிக்கும். ‘எனக்குச் சங்கடமா இருக்கு’ என்றால் மனசு கனத்துக் கிடக்கிறது என்று பொருள். வாக்கியம் ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று தொடங்குவதையும் பாருங்கள். பேச்சில் சங்கடம், பசி, தூக்கம், கோபம் எல்லாம் நமக்கு வந்து சேர்கிறவை. ‘நான் வருந்துகிறேன்’ என்று மனசை ஒரு வேலை மாதிரிச் செய்வது இரங்கல் அறிக்கையில்தான். ‘மன்னிச்சிடு’ போடலாமா என்று தோன்றியிருக்கும். என் கருத்து, வேண்டாம். அது பெரிய துரோகத்துக்கான சொல். ‘சாரி’ கால் மிதிபட்டதற்குப் போதும், பால்காய்ப்புக்குப் போதாது. இரண்டுக்கும் நடுவில் நாம் சொல்வது ‘ஒண்ணும் நெனச்சுக்காத’. நேரில் என்றால் அதைத்தான் சொல்வீர்கள். ஆனால் மெசேஜில் அதைக் கடைசி வரியாக வைத்தால் பேச்சு முடிந்துபோகும். அதனால் கீழே நான் எழுதியதில் அதை விட்டுவிட்டேன்.

விடுமுறை மறுக்கப்பட்ட கதை சுலபம். ‘மறுக்கப்பட்டது’ மாதிரி ‘படு’ சேர்த்த செயப்பாட்டு வினை நம் அன்றாடப் பேச்சில் அநேகமாக வராது. பேச்சில் ஆள் வேண்டும். ஆளைச் சொல்ல மனமில்லை என்றால் ‘லீவு கெடைக்கல’. ஆளைச் சொல்லலாம் என்றால் ‘மேனேஜர் லீவு தரல’. அந்த ஆள் மேல் ஆத்திரமும் இருந்தால் ‘தரமாட்டேன்னுட்டான்’. கடைசி வடிவத்தில் ‘விடு’ ஒளிந்திருக்கிறது: தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஒரேயடியாகச் சொன்னான், அதற்கு மேல் பேச்சில்லை என்பதை அந்த ‘ட்டான்’ சொல்கிறது. இங்கே ஒரு சின்ன யோசனை. காரணத்தை முழுக்க மேனேஜர் தலையில் கட்டினால், நண்பன் மனசில் ‘நீ எப்பம் கேட்ட?’ என்று ஒரு கேள்வி வரும். லீவைத் தாமதமாகக் கேட்டது நீங்களாக இருந்தால், உங்கள் பங்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: ‘நானும் முன்னாடியே கேட்டு வைக்காம விட்டுட்டேன்.’ இந்த விட்டுட்டேன் ஒரு மன்னிப்புக்குச் சமம். உண்மையில் நேரத்தோடு கேட்டிருந்தால் இதை எழுதாதீர்கள். ஊரில் பொய் சீக்கிரம் வெளியே வரும்.

உங்கள் ஏழு வாக்கியத்தில் நான், எனக்கு, நீ, உன்னுடைய என்று இந்த வகைச் சொற்கள் மட்டும் 14 இருக்கின்றன. இங்கிலீஷில் அவை இல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழில் ‘பாத்தேன்’ என்றாலே பார்த்தது நான்தான். தேவையில்லாத இடத்தில் ‘நான்’ போட்டால் அது வேறு அர்த்தம் தரத் தொடங்கிவிடும். ‘போட்டோ பாத்தேன்’ சாதாரணம். ‘போட்டோவ நான் பாத்தேன்’ என்றால் மற்றவர்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன் என்று ஒரு போட்டி வந்துவிடுகிறது. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு நானையும் நீயையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். யார் என்று குழப்பம் வருகிற இடத்தில் மட்டும் திரும்ப வையுங்கள். அடியோடு எடுக்கவும் கூடாது. மேலே ‘நானும் முன்னாடியே’ என்றேனே, அங்கே மேனேஜருக்கு எதிராக நான் நிற்கிறேன், அதனால் அந்த நான் இருந்தே ஆக வேண்டும். பன்மையும் இதே மாதிரிதான். நூறு போட்டோ அனுப்பியிருந்தாலும் பேச்சில் ‘போட்டோ’தான். ‘அவை… இருந்தன’ என்று வாயால் சொல்கிற ஒருவரை நான் மேடையில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

‘மிகவும் அழகாக இருந்தன’ இலக்கணமாகச் சரி, ஆனால் அது எந்த வீட்டுக்கும் பொருந்தும். அந்தப் போட்டோக்களை உண்மையிலேயே பார்த்தவன் ஒரே ஒரு படத்தைச் சொல்வான். பால் பொங்குகிற நேரத்தில் அவன் அம்மை அடுப்புப் பக்கத்தில் நிற்கிற படமாக இருக்கலாம். வாசல் படிப்புரையில் செருப்பு குவிந்து கிடக்கிற படமாக இருக்கலாம். நான் பார்க்கவில்லை, நீங்கள்தான் பார்த்தீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘அழகு’ என்ற சொல்லே தேவைப்படாது.

அடுத்த பொறி ‘நிச்சயமாகச் சந்திப்போம்’. சந்திப்பது தலைவர்களும் காதலர்களும். நண்பர்கள் பார்ப்பார்கள். அதற்காக அவசரப்பட்டு ‘அடுத்த மாசம் பாப்போம்’ என்று மாற்றிவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும். தமிழில் ‘பாப்போம்’ என்றால் நடந்தால் நடக்கும், நடக்காவிட்டால் போகட்டும் என்று பொருள். கடன் கேட்டவருக்குச் சொல்கிற பதில் அது. உறுதி தர வேண்டும் என்றால் நிச்சயம், கண்டிப்பா எல்லாம் வேண்டாம். தேதியைச் சொல்லி நிகழ்காலத்தில் சொல்லுங்கள்: ‘12ஆம் தேதி வாறேன்.’ ‘வருவேன்’ என்றால் வருகிற எண்ணம் இருக்கிறது. ‘வாறேன்’ என்றால் டிக்கெட் போட்டாயிற்று. டிக்கெட் போடவில்லை என்றால், போட்டுவிட்டு மெசேஜ் அனுப்புங்கள்.

இனி ஊர்ச் சொல்லுக்கு வருவோம். ரொம்ப நாள் முன்பு ஒரு வானொலி நாடகத்துக்கு வசனம் எழுதினேன். இரண்டு நண்பர்கள் மீன் சந்தையில் பேசுகிற காட்சி. குமரி மாவட்டம் என்று கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று வரிக்கு வரி மக்கா போட்டிருந்தேன். ஒத்திகையில் நடிக்க வந்திருந்த ஒரு அக்கா சொன்னார்: “தம்பி, இவன் வாய்க்கு வாய் மக்காங்கதப் பாத்தா பொறவு கடன் கேக்கப் போறாம்னு தோணுது.” அவர் சொன்னது சரி. மக்கா என்பது பேச்சைத் தொடங்கும்போதோ, எதையாவது கெஞ்சும்போதோ ஒரு தடவை வரும். ஒரு மெசேஜுக்கு ஒன்று போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, பெரியவர்கள் பிள்ளைகளையும் அப்படிக் கூப்பிடுவார்கள். அதனால் அதில் ஒரு கனிவு இருக்கிறது. ‘லே’ அப்படியில்லை. அது பெரும்பாலும் வினையோடோ கேள்வியோடோ ஒட்டும்: வாலே, என்னலே, போலே. சமமான, நெருக்கமான ஆண்களுக்குள் அது கட்டிப்பிடிக்கிற மாதிரி. ஆனால் ஒருவன் கோபமாக இருக்கும்போது வருகிற முதல் லே சண்டைக்கு இழுக்கிற மாதிரியும் கேட்கும். மன்னிப்புக் கேட்கிற மெசேஜில் மக்காவை முதலில் வைத்து, லேயைக் கடைசிச் சீண்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடுவில் போட்ட லே அதனால்தான் கெடுத்திருக்கும்.

மக்காவையும் லேயையும் விட நாகர்கோவில் பேச்சைக் காட்டிக்கொடுப்பவை வாக்கியத்தின் வாலில் வரும் சின்னச் சொற்கள்தான். ‘பாத்துக்கோ’ என்பது கேட்கிறவன் நேரில் பார்க்காத ஒன்றைச் சொல்லும்போது வரும்: ‘அண்ணைக்கு நல்ல மழ பாத்துக்கோ.’ ‘கேட்டியா’ என்பது சொன்னதை மனசில் வாங்கினாயா என்று தட்டிப் பார்ப்பது: ‘மறந்துராத கேட்டியா.’ ‘ஆக்கும்’ எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அதில் அழுத்தம் விழும். ‘நேத்தாக்கும் வந்தேன்’ என்றால் வந்தது நேற்றுத்தான், முந்தாநாள் இல்லை. மற்ற ஊர்களில் ஆக்கும் பெரும்பாலும் சந்தேகத்துக்கோ கிண்டலுக்கோதான் வரும். இங்கே சாதாரண அழுத்தத்துக்கே வரும். ஒரு மெசேஜுக்கு இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ போதும், அதற்கு மேல் வேண்டாம். வினை முடிவிலும் ஊர் இருக்கிறது. நினைக்கிறேன் என்பது இங்கே ‘நெனைக்கேன்’, நிற்கிறேன் ‘நிக்கேன்’, கேட்கிறான் ‘கேக்கான்’. இவற்றை எழுதினால் படிக்கிறவன் காதில் குரல் கேட்கும். ஆனால் வாயில் வருகிற ஒவ்வொரு நெளிவையும் எழுத்தில் பிடிக்க வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டி வந்தால் திரும்பவும் விறைத்துப் போகும்.

இதுவரை சொன்னதில் வாக்கியத்தைப் பிரிப்பது, நன்றியை எடுப்பது, போச்சு, விட்டுட்டேன், பாப்போம் பற்றியதெல்லாம் எனக்கு உறுதி. தமிழ்நாட்டில் எங்கே போனாலும் ஏறக்குறைய செல்லும். ஊர்ச் சொல் விஷயத்தில் அந்த உறுதி கிடையாது. நம் மாவட்டம் சின்னது, ஆனால் ஒரே பேச்சு இல்லை. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பேச்சு அதற்குப் பிறகும் தன் போக்கிலேயே இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் போனால் கூப்பிடுவது ‘விளி’ ஆகும், சொல்வது ‘பறை’ ஆகும். ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்தால் திருநெல்வேலி வாடை அடிக்கும். கடற்கரை ஊர்களின் பேச்சு தனி. வீட்டுக்கு வீடும் மாறும். உங்கள் நண்பன் எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் எழுதுவது தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் நிற்கிற பேச்சு.

புனேயில் வளர்ந்ததில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளியூரில் வளர்ந்தவர்களிடம் அப்பா அம்மா ஊரை விட்டுப் போன காலத்துத் தமிழ் அப்படியே இருக்கும். உங்கள் அம்மை சொல்கிற சொல்லை, ஊரிலேயே இருக்கிற உங்கள் வயதுக்காரன் விட்டிருக்கலாம். இப்போது நாகர்கோவில் கல்லூரிப் பையன்கள் பலர் மச்சி, டா என்றுதான் பேசுகிறார்கள். அதனால் என்னை நம்புவதைவிட, உங்கள் இருவரின் பழைய வாய்ஸ் மெசேஜ் இரண்டு மூன்றைப் போட்டுக் கேளுங்கள். உங்களை அவன் எப்படிக் கூப்பிடுகிறான், நீங்கள் அவனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள், எப்படிப் பேச்சை முடிக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். அங்கே ‘டேய்’ இருந்தால் கீழே இருக்கிற மக்காவை அடித்துவிட்டு டேய் போடுங்கள். இத்தனை வருடம் டேய் என்றவன் திடீரென்று மக்கா என்றால் அதுவே ஒரு நாடகம்.

சரி, எழுதிப் பார்ப்போம். 12ஆம் தேதியும் அம்மை நிற்கிற போட்டோவும் என் கற்பனை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பத்தியாக அனுப்பாமல் ஐந்து துண்டாக அனுப்புங்கள், வாயில் பேசினாலும் அந்த இடங்களில்தான் மூச்சு விடுவீர்கள்.

“மக்கா, என்ன, மூஞ்சத் தூக்கி வச்சிருக்கியா?”

“பால்காய்ப்புக்கு வர முடியாம போச்சு. எனக்கே சங்கடமா இருக்கு பாத்துக்கோ.”

“மேனேஜர் கடைசி நேரத்துல லீவு தரமாட்டேன்னுட்டான். நானும் முன்னாடியே கேட்டு வைக்காம விட்டுட்டேன்.”

“போட்டோ பூரா பாத்தேன். அம்மை அடுப்புப் பக்கத்துல நிக்குற போட்டோவ மட்டும் நாலு தடவ பாத்தாச்சு.”

“அடுத்த மாசம் 12ஆம் தேதி வாறேன். வண்டிய விட்டு எறங்கி நேரா ஒன் வீட்டுக்காக்கும். சோறு போடுவியா, இல்ல வாசல்லயே நிறுத்திருவியாலே?”

14 இருந்த இடத்தில் இப்போது எனக்கே, நானும், ஒன் என்று மூன்றுதான் இருக்கின்றன. மூன்றுக்கும் வேலை இருக்கிறது. ‘எனக்கே’யில் உள்ள ஏகாரம், உனக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ‘பாத்தேன்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்து ‘பாத்தாச்சு’ என்று மாற்றியதற்கும் காரணம் உண்டு. பாத்தாச்சு என்றால் இதற்குள்ளேயே நாலு தடவை ஆகிவிட்டது. நன்றி போன இடத்தில் சோறு வந்திருக்கிறது. சோறு போடுவியா என்று கேட்பது, எனக்கு உன் வீட்டில் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்பதுதான். அவனுக்கும் பதில் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது. உங்கள் பழைய மெசேஜுக்கு அவன் ‘ஓகே’ என்பதைத் தவிர என்ன சொல்லியிருக்க முடியும்?

அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தை மட்டும் மாற்றினால் போதும். நான் எழுதியதிலும் உங்கள் நாக்குக்கு ஒட்டாதது இருந்தால் தயங்காமல் அடியுங்கள், ‘ஆக்கும்’ அப்படிப்பட்ட ஒன்று. புனேயில் வளர்ந்தவருக்கு அது வராமல் இருக்கலாம். ‘வீட்டுக்குத்தான்’ என்று போட்டாலும் ஒன்றும் குறையாது.

அவன் திட்டி எழுதினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ‘சவம், நீயெல்லாம் ஒரு ஆளு’ என்று ஏதாவது வரும். ‘பரவாயில்லை, வேலைதானே முக்கியம்’ என்று முழுத் தமிழில், மரியாதையாக வந்தால், 12ஆம் தேதி வரைக்கும் காத்திருக்காமல் அன்று ராத்திரியே போன் போட்டுவிடுங்கள்.